வீடு மாறினேன், வேலையில் சேர்ந்தேன், மறுமணம் செய்துகொண்டேன்: பென்ஷன் நிற்காமல் இருக்க யாரிடம், எப்போது சொல்ல வேண்டும்?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் எங்கள் தெருவில் நாலைந்து பேருக்குப் பென்ஷன் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். மத்திய அரசின் சிவில் துறைகளில் வேலை பார்த்து, பழைய ஓய்வூதிய முறையில் வங்கி வழியாகப் பென்ஷன் வாங்குபவர்களுக்கும், அவர்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் உரியது இது.

நான் தமிழ்நாடு அரசில் வேலை பார்த்தவள். இது எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. உங்களுக்குப் பணம் தருவது கருவூலம். ஆண்டுதோறும் நேர்காணலை நடத்துவதும் அதுதான். முகவரி மாற்றம், மறுமணம், வேலை எல்லாவற்றையும் உங்கள் கோப்பு இருக்கும் கருவூலத்திடமே சொல்ல வேண்டும். வருமான வரம்பு பற்றிக் கீழே வரும் கணக்கை உங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பென்ஷன் ஆபீஸ் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? யாரிடம் போய்ச் சொல்வது?

வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். மாதாமாதம் கணக்கில் பணம் போடுவது உங்கள் வங்கியின் மையப்படுத்தப்பட்ட ஓய்வூதியப் பிரிவு. வங்கிக்காரர்கள் அதை சிபிபிசி என்பார்கள். அங்கே நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. உங்கள் கணக்கு இருக்கும் கிளையில் கொடுத்தால் அவர்கள் அனுப்பிவைப்பார்கள்.

வேலை பார்த்த அலுவலகம் தேவைப்படுவது, பிபிஓ என்ற ஓய்வூதிய ஆணையிலேயே ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கும்போது. ஓய்வு பெற்ற பிறகு திருமணம் செய்துகொண்டு மனைவியின் பெயரைச் சேர்ப்பது அப்படி ஒன்று. பணம் தொடர்ந்து வருவது தொடர்பானது என்றால் வங்கி. யாருக்கு உரிமை என்ற கேள்வி என்றால் அலுவலகம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

திருநெல்வேலியிலிருந்து கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். முகவரி மாற்றாவிட்டால் பென்ஷன் நின்றுவிடுமா?

முகவரி மாறியதற்காக மட்டும் யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் அது வேறு வழியில் வந்து கடிக்கும். வங்கிக் கணக்குக்கு அவ்வப்போது கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். பழைய வீட்டுக்குப் போன கடிதம் உங்கள் கைக்கு வராது. நீங்கள் பதில் தராவிட்டால் வங்கி கணக்கில் கட்டுப்பாடு போடலாம். பணம் கணக்கில் விழும், உங்களால் எடுக்க முடியாது. பார்ப்பவருக்கு அது பென்ஷன் நின்றது போலவே இருக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். முகவரி மட்டும் மாறியிருந்தால் சுய அறிவிப்பே போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. புதிய முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அதன்பின் வங்கி அந்த முகவரியை இரண்டு மாதத்துக்குள் சரிபார்க்க வேண்டும். கடிதம் அனுப்பியோ, ஆள் அனுப்பியோ சரிபார்ப்பார்கள். ஆகவே கொடுத்துவிட்டு வந்த இரண்டு மாதம் வீட்டில் யாராவது தபாலை வாங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீடு என்று கடிதம் திரும்பினால் கொடுத்த அறிவிப்பு வீண்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
> என் பிபிஓ எண் ............, பென்ஷன் கணக்கு எண் ............. நான் ............ தேதி முதல் கீழ்க்கண்ட முகவரியில் வசிக்கிறேன். பழைய முகவரி: ............ புதிய முகவரி: ............ கைபேசி எண்: ............ (மாறவில்லை / மாறியிருக்கிறது). கணக்கிலும் ஓய்வூதியப் பதிவிலும் மாற்றித் தரவும். கடிதம் பெற்றதற்கான முத்திரையை நகலில் இட்டுத் தரவும்.

பிபிஓ எண்ணை எழுத மறக்காதீர்கள். அது இல்லாமல் கொடுத்தால் சேமிப்புக் கணக்கில் மட்டும் மாற்றிவிட்டுப் பென்ஷன் பதிவை அப்படியே விட்டுவிடுவார்கள். கைபேசி எண் வரியையும் விடாதீர்கள். என்னைக் கேட்டால் முகவரியைவிட இந்த எண் முக்கியம். உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் தரும் வாழ்நாள் சான்று ஏற்கப்பட்டதா இல்லையா என்ற குறுஞ்செய்தி அங்கேதான் வரும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு டிசம்பரில் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் கிளையையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம் இல்லை. நவம்பரில் தரும் வாழ்நாள் சான்றை உங்களுக்குப் பென்ஷன் தரும் வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். கோயம்புத்தூரில் அதே வங்கிக் கிளை பக்கத்தில் இருந்தால் திருநெல்வேலிக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதே வங்கிக்குள் கிளை மாற்றுவதும் எளிது, பென்ஷனைக் கணக்கிடும் மையம் மாறாது. வேறு வங்கிக்குப் போவதுதான் நேரம் பிடிக்கும். எனக்குத் தோன்றுவது, பக்கத்தில் கிளை இல்லை என்றால் ஒழிய வங்கியை மாற்றாதீர்கள்.

ஆறு மாதம் அமெரிக்காவில் மகளிடம் இருப்பேன். அதையும் முகவரி மாற்றம் என்று சொல்ல வேண்டுமா?

தற்காலிகமாகப் போய் வருவதற்கு வேண்டாம். உங்கள் கவலை நவம்பர் மட்டும். அப்போது நாட்டில் இல்லை என்றால், அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்ட வாழ்நாள் சான்றை வங்கிக்கு அனுப்பலாம். கிளம்பும் முன் கிளையில் ஒரு வார்த்தை சொல்லி, சான்றை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்று கொடுத்துவிட்டேன். அதன் பிறகும் ஏன் பென்ஷன் வரவில்லை?

அதற்கு முன் இரண்டு தேதி. சான்று தரும் காலம் நவம்பர் 1 முதல் 30 வரை. 80 வயது முடிந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். நவம்பர் மாதப் பென்ஷன் வழக்கம்போல வரும். சான்று சேரவில்லை என்றால் டிசம்பர் மாதப் பணம் நிற்கும். அதனால் நவம்பர் கடைசியில் பணம் வந்ததும் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜீவன் பிரமாண் செயலியில் ஆதார், பிபிஓ எண், கணக்கு எண் எல்லாம் கேட்டு முடித்ததும் இரண்டு சின்னக் கேள்விகள் வரும். மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறீர்களா, மறுமணம் செய்துகொண்டீர்களா. பொதுச் சேவை மையத்தில் அவசரமாக அழுத்தும் பையன் இதை உங்களிடம் கேட்காமலே நிரப்பிவிடுவான். தவறாக ‘ஆம்’ என்று போனால் சான்று நிராகரிக்கப்படலாம். சொல்லாமல் ‘இல்லை’ என்று போனால், உண்மையில் வேலையில் இருப்பவருக்கு அது பொய் அறிவிப்பு. அந்த இரண்டு கட்டங்களையும் நீங்களே பார்த்து அழுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மறுபடி வேலையில் சேர்ந்தவரும் மறுமணம் செய்தவரும் இந்த மின்னணுச் சான்றைத் தர முடியாது. அவர்கள் பழைய முறையில் காகிதப் படிவத்தில் வங்கியில் நேராகத் தர வேண்டும். செயலி வேலை செய்யவில்லை என்று மூன்று முறை முயன்று சலித்துப் போனவரிடம் காரணம் இதுவாக இருந்தது.

சான்று உருவானதும் ஒரு எண் வரும். உருவானது என்பது வேறு, வங்கி ஏற்றது என்பது வேறு. இரண்டாவது செய்தி வரும்வரை அந்த எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். காகிதத்தில் கொடுத்தால் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தர வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு.

நான் ஓய்வுபெற்ற எழுத்தர். பக்கத்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 8,000 ரூபாய். சொல்ல வேண்டுமா?

தனியார் வேலை உங்கள் சொந்தப் பென்ஷனைத் தொடாது. குரூப் ஏ பதவியில் ஓய்வு பெற்றவர் மட்டும், ஓய்வு பெற்ற ஓர் ஆண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர அனுமதி வாங்க வேண்டும். எழுத்தருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அரசு சார்ந்த வேலை வேறு. வேலையில் இல்லை என்று நீங்கள் வங்கியில் கையெழுத்திட்டுத் தரும் சான்றைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். மத்திய, மாநில அரசு அலுவலகம் மட்டுமல்ல, அரசு நிறுவனம், தன்னாட்சி அமைப்பு, பொதுத்துறை வங்கி, எல்ஐசி வரை அதில் வரும். மறுநியமனம் என்று இவற்றில் சேர்ந்தால் அடிப்படைப் பென்ஷன் தொடரும், அதன் மேல் வரும் அகவிலை நிவாரணம் பொதுவாக நிறுத்தப்படும். விதிவிலக்குகள் உண்டு. முன்னாள் படைவீரர்கள் போன்ற சிலருக்கு, மறுநியமனத்தில் பென்ஷனைக் கணக்கில் எடுக்காமல் சம்பளத்தின் தொடக்க நிலையில் ஊதியம் நிர்ணயித்திருந்தால் நிவாரணம் தொடரலாம். ஆகவே புதிய வேலையின் நியமன ஆணை நகலோடு சேர்ந்த தேதியை வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

என் கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறேன். நானும் பள்ளியில் ஆசிரியை. வேலை இருப்பதால் நின்றுவிடுமா?

நிற்காது. மனைவிக்கும் கணவருக்கும் வருமான வரம்பே கிடையாது. நீங்கள் வேலையில் இருந்தாலும் குடும்ப ஓய்வூதியத்தின் மீதான அகவிலை நிவாரணமும் கிடைக்கும். 1997 ஜூலை 18 முதல் இப்படித்தான். முந்தைய பதிலில் சொன்னது ஓய்வூதியர் தாமே மறுபடி வேலைக்குப் போவதைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நான் சம்பளக்காரி, எனக்கு டிஆர் கிடையாதாம்’ என்று விட்டுக்கொடுத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

நான் விவாகரத்தானவள். அப்பா இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் எனக்கு வருகிறது. வேலைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் ஒரு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் நீங்களே சம்பாதிக்கிறீர்கள் என்று கருதிப் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். மகன், திருமணமாகாத மகள், விதவை மகள், விவாகரத்தான மகள் எல்லோருக்கும் அதே வரம்புதான். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மட்டும் 2021 முதல் தனிக்கணக்கு, அது இதைவிடத் தாராளமானது.

வரம்பு என்னவென்றால், குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும். நிவாரணம் உயர உயர வரம்பும் உயரும். அதனால் யாராவது நிலையான ஒரு எண்ணைச் சொன்னால் எந்த மாதத்துக்கு என்று கேளுங்கள். 2025 ஜனவரி முதல் நிவாரணம் 55 சதவீதம், அப்போது வரம்பு 13,950. 2025 ஜூலை முதல் 58 சதவீதம், அப்போது 14,220. மாத வருமானம் அந்தத் தொகைக்குச் சமமாகவோ அதிகமாகவோ வந்துவிட்டால் உரிமை போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 58 சதவீதத்தோடு 18,960 ரூபாய். 2025 ஜூனில் ஒரு சிறுவர் பள்ளியில் 12,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்கிறீர்கள். 13,950க்குள் இருப்பதால் பென்ஷன் தொடரும். செப்டம்பரில் அப்பா வீட்டின் மாடியை 2,500 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகிறீர்கள். சம்பளம் ஏறவில்லையே என்று தோன்றும். ஆனால் விதி எல்லா வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. 14,500 ஆகிவிட்டது, 14,220ஐத் தாண்டியாகிவிட்டது. செப்டம்பர் முதல் உங்களுக்கு உரிமை இல்லை. நவம்பரில் படிவத்தை நிரப்பும்போது சம்பளத்தை மட்டும் எழுதி வரம்புக்குள் இருக்கிறேன் என்று கையெழுத்திட்டால், வங்கி அதை நம்பி டிசம்பர் வரை பணம் போடும். நான்கு மாதத்துக்கு 75,840 ரூபாய். பின்னால் தெரிய வரும்போது அத்தனையையும் திருப்பிக் கேட்பார்கள். பென்ஷன் தொடங்கும்போதே அதிகமாக வந்ததைத் திருப்பித் தருவேன் என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருப்பீர்கள். அதை எடுத்துக் காட்டுவார்கள்.

சேர்ந்த மாதமே, வரம்புக்குள் இருந்தாலும், எழுதிக் கொடுப்பதுதான் என் ஆலோசனை. ‘இன்ன தேதியில் இன்ன சம்பளத்துக்குச் சேர்ந்தேன், வேறு வருமானம் இவ்வளவு’ என்று இரண்டு வரி. வரம்பு தாண்டும் மாதமும் அப்படியே. வரம்பை ஒட்டி நிற்பவர்கள் சம்பளச் சீட்டுகளையும் வாடகைக்கான ஆதாரத்தையும் மாத வாரியாக எடுத்து வையுங்கள். வங்கி சந்தேகப்பட்டால் காட்ட வேறு வழியில்லை.

மறுமணம் செய்துகொண்டால் உடனே நின்றுவிடுமா? எல்லோருக்கும் ஒன்றா?

ஒன்றல்ல.

ஓய்வு பெற்றவர் தாமே திருமணம் செய்தால் அவருடைய பென்ஷனுக்கு எதுவும் ஆகாது. ஆனால் புதிய மனைவியின் பெயரை முன்பு வேலை பார்த்த அலுவலகத்துக்குத் திருமணச் சான்றோடு எழுதிக் கொடுத்து பிபிஓவில் சேர்த்துவிட வேண்டும். ஓய்வுக்குப் பின் நடந்த திருமணம் என்றாலும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதிய உரிமை உண்டு. இதை ஒத்திப்போட்டு, அவர் போனபின் அந்த அம்மா திருமணத்தை நிரூபிக்க அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவை மறுமணம் செய்தால் அவருக்கு நிற்கும், தகுதியுள்ள பிள்ளை இருந்தால் அவர்களுக்குப் போகும். குழந்தை இல்லாத விதவைக்கு மட்டும் சலுகை உண்டு. மறுமணத்துக்குப் பின்னும் தொடரும், ஆனால் அப்போது மேலே சொன்ன வருமான வரம்பு அவருக்கும் வந்துவிடும். சொல்லாமல் இருப்பதில் ஒரு லாபமும் இல்லை என்பது இவருக்குத்தான் முழுக்கப் பொருந்தும். சொன்னால் தொடர வாய்ப்பு உண்டு, மறைத்தால் முழுவதையும் திருப்பித் தர வேண்டிவரும்.

மகளுக்கோ மகனுக்கோ திருமணம் ஆன நாளோடு முடிந்தது. மகனுக்கு எப்படியும் 25 வயதுதான் எல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் விதி வேறு, அதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

நான் விதவை. மறுமணம் செய்யவில்லை என்று வருடா வருடம் எழுதித் தரச் சொல்கிறார்களே, தேவையா?

பென்ஷன் தொடங்கும்போது ‘மறுமணம் செய்தால் தெரிவிப்பேன்’ என்று ஒருமுறை எழுதித் தந்தால் விதவைக்கு அது போதும் என்பதுதான் முறை. மற்ற குடும்ப ஓய்வூதியர்களிடம்தான், அதாவது மனைவியை இழந்தவர், மகள்கள் போன்றவர்களிடம், குறிப்பிட்ட இடைவெளியில் திருமணமோ மறுமணமோ செய்யவில்லை என்ற சான்று கேட்பார்கள். கவுண்டரில் இருப்பவர் எல்லோருக்கும் ஒரே படிவத்தை நீட்டினால் சண்டை போட வேண்டாம், கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் அதைத் தராததற்காகப் பென்ஷன் நின்றது என்றால் கேள்வி கேளுங்கள்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ‘சிஸ்டம் நிறுத்திவிட்டது’ என்ற பதிலை ஏற்காதீர்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: வாழ்நாள் சான்று சேரவில்லை, வேலை அல்லது மறுமணச் சான்று சேரவில்லை, கேஒய்சி நிலுவையில் இருக்கிறது, வரம்பு பற்றிய சந்தேகம். முதல் இரண்டும் சான்று சேர்ந்தவுடன் சரியாகும், நின்ற மாதங்களின் பணமும் சேர்ந்து வரும். மூன்றாவதில் பணம் கணக்கில் இருக்கும், கட்டுப்பாடு நீங்கினால் போதும். நான்காவதில் மட்டும் சம்பளச் சீட்டு, வருமானச் சான்று என்று தாள்கள் போக வேண்டும்.

நீங்கள் சரியாகக் கொடுத்தும் வங்கி தாமதித்திருந்தால், தாமதமான நாட்களுக்கு ஆண்டுக்கு 8 சதவீத இழப்பீட்டை வங்கியே, நீங்கள் கேட்காமலே, கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 20,000 ரூபாய் 30 நாள் தாமதமானால் சுமார் 131 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் தவறு யாருடையது என்று அது பதிவு செய்துவிடும். நீங்களே சான்றைத் தாமதமாகக் கொடுத்திருந்தால் இது கிடைக்காது.

கிளையில் தீரவில்லை என்றால் ஒப்புகைச் சீட்டு நகலோடு, மத்திய அரசு ஓய்வூதியர்களின் குறைகளுக்கான CPENGRAMS தளத்தில் புகார் பதியலாம், பதிவெண் தருவார்கள். வங்கியின் சேவை குறித்த குறை என்றால், வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியும் தீராதபோது cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இரண்டிலும் முதலில் கேட்பது, எந்தத் தேதியில் என்ன கொடுத்தீர்கள் என்பதுதான். நான் எல்லோருக்கும் சொல்வது, ஒரு பழைய பள்ளி நோட்டில் தேதியும் கொடுத்த தாளும் வாங்கியவர் பெயரும் எழுதி, ஒப்புகைச் சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஊசி குத்தி வையுங்கள்.